இரும்புக் கட்டிலா, மரச்சாமானா, சைக்கிளா? ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை எதில் போடுவது

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. கையில் 1,500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறார். "அண்ணே, பழைய சாமான வாங்கி சரி பண்ணி விக்கலாம்னு இருக்கேன். கட்டில் வாங்கவா, அலமாரி மேசைன்னு போகவா, இல்ல சைக்கிளா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார். இதே கேள்வியை இந்த ஆண்டில் என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அவர். மூன்றையும் ஒன்பது ஆண்டுகளாக ஓய்வு நாள்களில் செய்து வருகிறேன். அவருக்குச் சொன்னதை என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் பார்த்தால் எல்லாமே லாபமாகத் தெரியும். நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு நிற்கிறது என்பது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.17 வெள்ளி. இந்த வேலையில் அதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும் என்றால் ஓவர்டைம் செய்வதே மேல்.

இரண்டாவது, பொருள் எத்தனை நாள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது. விற்காத அலமாரி முதலையும் முடக்கும், வாசலையும் அடைக்கும்.

மூன்றாவது, பழுதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்பது. சில பொருள்களில் முடியும். சிலவற்றில் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்த பிறகுதான் தெரியும்.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியம். சாயம் பூசினால் விலை ஏறுமா, இறங்குமா? புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறு செய்வது இதில்தான். பழைய பொருள் என்றாலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் விலை கூடும் என்று நினைக்கிறார்கள். இரும்புக் கட்டிலுக்கு அது சரி. மரத்துக்குப் பாதி சரி. நல்ல பழைய சைக்கிளுக்கு முழுத் தவறு.

## இரும்புக் கட்டில்

பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிலாளர் விடுதிகள் நிறைய. ஒப்பந்தம் முடிந்து விடுதி காலியாகும்போது ஒற்றைக் கட்டில்களும் இரட்டை அடுக்குக் கட்டில்களும் மொத்தமாக வெளியே வரும். பெரும்பாலும் பழைய இரும்புக்காரர் கைக்குத்தான் போகும். அவர் எடைக்கு உடைப்பதற்கு முன்பே பேசி வாங்க வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். காலின் அடியில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். தரை துடைக்கிற தண்ணீர் அந்த மூடிக்குள் தேங்கி, குழாயை உள்ளிருந்தே அரிக்கும். மூடியைக் கழற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். இரும்பு உள்வாங்கினால் அந்தக் கட்டில் வேண்டாம். அடுத்து, பலகையைத் தாங்கும் பக்கச் சட்டம் காலோடு பற்றவைக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடி, அதன் ஓரத்தில் துரு கசிந்திருந்தால் பற்றவைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். பலகை இல்லாத கட்டிலையும் தவிர்ப்பேன். புதுப் ப்ளைவுட் போட்டால் லாபத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

அகலத்தையும் அளந்து பாருங்கள். தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 2020-ஆம் ஆண்டு விதிமுறையின்படி ஓர் ஆளின் படுக்கை 1.7 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, மெத்தை 4 அங்குலம் கனம் இருக்க வேண்டும். 3 அடி அகலமும் 6 அடிக்குச் சற்று மேல் நீளமும் உள்ள கட்டில் இந்த அளவை ஒட்டி வந்துவிடும். இரண்டரை அடிக் கட்டில் வராது. விடுதி நடத்துபவர்கள்தான் கட்டிலை மொத்தமாக எடுப்பவர்கள். அளவு குறைந்த கட்டிலை அவர்கள் தொடமாட்டார்கள். அப்படிப்பட்ட கட்டில்களை ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டியிருக்கும்.

கட்டிலின் மறைவான செலவு மூட்டைப்பூச்சி. ஆணித் துளையின் ஓரத்திலும் பலகையின் அடிப்பக்கத்திலும் மைப்புள்ளி வைத்தாற்போல் கறுப்புக் கறை இருந்தால் பூச்சி இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது. அது குழாய்க்குள்ளும் போய் ஒளியும். வெயிலில் போட்டால் போதும் என்று நம்பாதீர்கள். நிழல் விழும் பக்கத்துக்கு அது நகர்ந்துவிடும். நான் கட்டிலை முழுவதும் பிரித்து, குழாயின் இரு முனைகளிலும் கெட்டிலில் கொதிக்கும் நீரை ஊற்றுவேன். 50 டிகிரிக்கு மேல் சூடு சிறிது நேரம் நீடித்தால் பூச்சியும் முட்டையும் சாகும். ஆனால் அந்தச் சூடு மூலை முடுக்கெல்லாம் எட்ட வேண்டும். பலகையில் கறை இருந்தால் அந்தப் பலகையையே ஒதுக்கிவிடுவேன். இந்த வேலை முடியும்வரை கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

பிறகு பெயிண்ட். உதிரும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னரால் துடையுங்கள். தேய்த்த அன்றே சிவப்பு ஆக்சைடு அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் வெற்று இரும்பு ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும். அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் சில மாதங்களில் தோலாக உரியும். ஆக்சைடு காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. பிறகு ஒரு வாரம் பொறுங்கள். எனாமல் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே மெத்தென்றே இருக்கும். மறைவான ஓரிடத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு விற்றால் மெத்தைத் துணி அதில் ஒட்டிக்கொள்ளும், வாங்கியவர் மறுநாளே அழைப்பார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பிறையில் ஆறு ஒற்றைக் கட்டில்களைத் தலா 35 வெள்ளிக்கு எடுத்தேன், மொத்தம் 210. பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவர லாரிக்கு 90. பெயிண்ட், ஆக்சைடு, தின்னர், புதுக் கால்மூடி, ஆணி எல்லாம் 130. ஆக மொத்தம் 430. ஆறையும் ஒரே ஆள் தலா 125 வெள்ளிக்கு, அவருடைய லாரியிலேயே எடுத்துப் போனார். கைக்கு வந்தது 750, மிஞ்சியது 320. இருபது மணி நேர வேலைக்கு மணிக்கு 16 வெள்ளி. வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள்வரை பதினேழு நாள். ஒன்றை மட்டும் வாங்கியிருந்தால் லாரிக் காசே லாபத்தைத் தின்றிருக்கும். கட்டிலை மொத்தமாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும்.

குழந்தைக் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கவே வாங்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தை மேல்சட்டத்தைத்தான் கடிக்கும். கம்பிகளுக்கு இடையே ஆறு ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் அதைத் தொடுவதில்லை.

## மரச்சாமான்

என் மனசுக்குப் பிடித்தது மரம்தான். கணக்குப் புத்தகத்தில் மிகக் குறைவாக நிற்பதும் அதுதான்.

நான் சொல்வது கெட்டி மரத்தை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரியைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஈரம் பட்டால் உப்பும், அதன்பின் ஸ்க்ரூ பிடிக்காது, அதற்கு மருந்தே கிடையாது. பலகையின் மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பைத் தாண்டிக் கீழேயும் தொடர்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் ரேகை அறுந்து நின்றால் மேலே ஒட்டிய தாள் அல்லது மெல்லிய மரச்சீவல்.

இந்த ஊரில் நன்றாக விலைபோகும் ஒரு சாமானை எடுத்துக்கொள்வோம். வலைக் கதவு போட்ட சாப்பாட்டு அலமாரி. தோட்ட வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன் குழம்பும் சோறும் அதற்குள்தான் இருக்கும். எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபிறகு பழைய கடைவீடுகள் காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. அவற்றை நடத்துபவர்கள் இந்த அலமாரியைத் தேடி வருகிறார்கள்.

நிபோங் திபாலில் ஒரு பாட்டியம்மா வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தது. நாலு அடுக்குப் பச்சைப் பெயிண்ட். விலை 180. அந்தத் தண்ணீர்க் கிண்ணம்தான் இந்த அலமாரியின் எமன். பத்து இருபது வருடம் நீரில் நின்ற கால், அடியில் நாலு விரல் அளவுக்குப் பஞ்சுபோல் இருக்கும். வெளியே பெயிண்ட் அதை மூடியிருக்கும். சாய்த்துப் படுக்கவைத்துக் கால் அடியை ஆணியால் குத்திப் பார்த்தேன். மூன்று கால் மெத்தென்று போனது, ஒன்று கெட்டி. இது சரிசெய்யக்கூடிய பழுது. அழுகிய பகுதியைச் சரிவாக வெட்டி, அதே சரிவில் வெட்டிய புது மரத்துண்டை ஒட்ட வேண்டும். நேராக வெட்டி ஒட்டினால் பசை பிடிக்காது, ஆணியில்தான் நிற்கும். நான் ஒரு பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த செங்கால் மரத்துண்டுகளை ஒட்டினேன். செங்கால் மரம் எளிதில் அழுகாது.

சரிசெய்ய முடியாத பழுது வேறு. அலமாரிக்கு அடியில் தரையில் என்ன கொட்டிக் கிடக்கிறது என்று பாருங்கள். விற்பவர் கூட்டிவிடுவதற்கு முன் பார்த்தால் நல்லது. மாவுபோல் மென்மையான தூள் என்றால் மரத்தைத் துளைக்கும் வண்டு. மணல்போல் உருண்டு ஓடும் சிறு மணிகள் என்றால் உலர்மரக் கரையான், அவை அதன் எச்சம். இரண்டுமே உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பெயிண்ட் அடித்த மரத்தில் பூச்சி மருந்து உள்ளே இறங்காது. முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் மருந்து தடவ முடியும், அப்போதும் உத்தரவாதம் இல்லை. வாங்கிப் போனவர் வீட்டில் மற்ற மரமும் அரிக்கப்படும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

அடுத்து அந்தப் பச்சைப் பெயிண்ட். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் சேர்த்திருப்பார்கள், கண்ணால் பார்த்துத் தெரியாது. அதனால் பழைய பெயிண்ட் எல்லாமே ஈயம்தான் என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை, மெஷினும் போடுவதில்லை. பெயிண்ட் நீக்கும் களிம்பைப் பூசி, அது கொதகொதவென்று பொங்கியதும் சுரண்டி எடுத்து, மிச்சத்தை ஈர உப்புத்தாளால் தேய்ப்பேன். கீழே விரித்த பிளாஸ்டிக்கை அப்படியே சுருட்டிக் கட்டிவிடுவேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து இதில் சோம்பல்படாதீர்கள். மூன்று ஞாயிறு இதற்கே போனது. உள்ளே இருந்தது நியாத்தோ மரம், செம்பழுப்பு நிறம், அழகான ரேகை.

இங்கேதான் பெயிண்டா வார்னிஷா என்ற கேள்வி வருகிறது. மலிவான மரத்தில், ஒட்டுப்போட்ட இடங்கள் பல்லிளித்தால், பெயிண்ட் அடியுங்கள். நல்ல மரம் வெளியே வந்துவிட்டால் அதை மூடக் கூடாது. விலையே அந்த ரேகைக்குத்தான். நான் லேக்கர் அடித்தேன், அதிலும் ஒரு தப்பு செய்தேன். மழை விட்ட மாலையில் ஸ்ப்ரே செய்தேன். பத்து நிமிடத்தில் பலகை முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. லேக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அப்போது காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனிபோல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. மறுநாள் வெயில் ஏறிய பிறகு, மெதுவாகக் காயும் தின்னரை லேசாக ஸ்ப்ரே செய்ததும் வெளுப்பு போயிற்று. இப்போதெல்லாம் காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள்தான் லேக்கர். மழைக்காலத்தில் அந்த வேலையே இல்லை.

கணக்கு: அலமாரி 180, லாரி 70, களிம்பு, உப்புத்தாள், பசை, லேக்கர் எல்லாம் 95, வாங்கியவர் வீட்டுக்கு இறக்க 50. மொத்தம் 395. விற்றது 650. மிஞ்சியது 255. பத்தொன்பது மணி நேரம் உழைத்ததால் மணிக்குப் பதின்மூன்று வெள்ளி சொச்சம். வேலை முடிந்தபிறகும் ஏழு வாரம் வாசலில் நின்றது. அந்த ஏழு வாரமும் என் சைக்கிள் வேலையைப் பின்கட்டில்தான் செய்தேன்.

## சைக்கிள்

பழைய சைக்கிள் இரண்டு வகை. இரண்டுக்கும் கணக்கு வேறு வேறு.

சாதாரண மவுண்டன் பைக், மாணவர்கள் ஓட்டுவது. 60 வெள்ளிக்கு வாங்கி, டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், செயின் என்று 85 போட்டு, 200-க்கு விற்கலாம். நாலு மணி நேர வேலைக்கு 55 வெள்ளி, மணிக்குக் கிட்டத்தட்ட பதினாலு. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் புது மாணவர்கள் சேரும் பருவத்தில் விற்பனை வேகமாக இருக்கும், மற்ற மாதங்களில் மந்தம். சிறுவர் சைக்கிள் வேண்டாம். புதிதே மலிவாகக் கிடைக்கிறது.

இரண்டாவது வகை, தாத்தா காலத்து இங்கிலீஷ் சைக்கிள். ராலே, ரட்ஜ், ஹம்பர். லோரோங் கூலிட் சந்தையில் விடியற்காலையில் போனால் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். இதைச் சேகரிப்பவர்கள் பினாங்கிலும் கெடாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பழைமை, பளபளப்பு இல்லை.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு பச்சை ராலே கிடைத்தது. பெயிண்ட் மங்கி, அங்கங்கே துரு. சட்டத்தில் பொன்னிறக் கோடுகள் பாதி தெரிந்தன, முன்கழுத்தில் கொக்குத் தலை முத்திரை. அழகுபடுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சைக்கிளைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். அங்கே கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. "அசல் பச்சை இருந்திருக்கே தம்பி. அப்படியே குடுத்திருந்தா எழுநூறு குடுத்திருப்பேன்" என்றார். கடைசியில் வேறொருவருக்கு 350-க்குப் போனது. அந்தப் பொன்கோடுகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

இப்போது அசல் பெயிண்டை இப்படித்தான் காக்கிறேன். சோப்புத் தண்ணீரில் மென்மையான துணியால் கழுவுவேன். எழுத்தும் கோடும் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் காருக்குப் போடும் பாலிஷை லேசாகத் தேய்ப்பேன். குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. குரோம் உரிந்து இரும்பே தெரிகிற இடத்துக்கு மருந்தில்லை. அங்கே எண்ணெய் தடவி அப்படியே விடுவேன்.

வாங்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். முன்கழுத்துக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் அலை அலையாகச் சுருங்கியிருந்தால் எதிலோ மோதிச் சட்டம் மடங்கியிருக்கிறது. அடுத்து இருக்கைக் கம்பியைத் தளர்த்தித் திருப்பிப் பாருங்கள். பல வருடத் துருவில் அது சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தால், கழற்ற ஒருநாள் முழுக்கப் போராட வேண்டும், சில சமயம் கழலவே கழலாது. மூன்றாவது, பின்சக்கர நடுவில் இருக்கும் மூன்று கியர் பெட்டி. ஸ்டர்மி ஆர்ச்சர் பெட்டி என்றால் அதன் உடலிலேயே செய்த வருடமும் மாதமும் பொறித்திருக்கும். சைக்கிளின் வயதை அதிலிருந்து ஓரளவு சொல்லலாம், சக்கரம் மாற்றியிருக்காவிட்டால்.

அந்தப் பெட்டி வழுக்கினால் பலர் கெட்டுப்போச்சு என்று மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. எண்ணெய் வற்றியிருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும். எண்ணெய்த் துளையில் மெல்லிய எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு, சக்கரத்தை நன்றாகச் சுற்றுங்கள். பிறகு நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் சிறு சன்னல் வழியே பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள்பட்டை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிள் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். வாடிக்கையாக என்னிடம் வரும் சைக்கிள்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பெடல் கையைப் பிடித்திருக்கும் கோட்டர் பின்னைச் சுத்தியால் அடித்துக் கழற்றாதீர்கள். அடி நேராக உள்ளே இருக்கும் பால்ஸ்களில் விழுந்து அது உட்காரும் கிண்ணத்தில் பள்ளம் போடும். அழுத்திக் கழற்றும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வகைக்கு அது இல்லாமல் இறங்கக் கூடாது.

கடைசியாக விற்ற ராலேயின் கணக்கு: வாங்கியது 220. டயரும் டியூபும் 70, பிரேக் கட்டை 15, செயின் 18, ஸ்போக் 12, கேபிள் 10, கோட்டர் பின் 8. மொத்தம் 353. விற்றது 620, மிஞ்சியது 267. ஏழு மணி நேரம்தான். மணிக்கு 38 வெள்ளி. பெயிண்ட் செலவு ஒரு சென்கூட இல்லை. ஆனால் இப்படி ஒரு சைக்கிள் வருடத்தில் மூன்று நாலு முறைதான் என் கைக்கு வருகிறது.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | இரும்புக் கட்டில் | கெட்டி மரச்சாமான் | சாதாரண சைக்கிள் | பழைய இங்கிலீஷ் சைக்கிள் |
|---|---|---|---|---|
| ஒரு மணிக்கு மிஞ்சுவது | 16 வெள்ளி | 13 வெள்ளி | 14 வெள்ளி | 38 வெள்ளி |
| தேவையான முதல் | ஆறுக்கு 430 | ஒன்றுக்கு 400 | ஒன்றுக்கு 145 | ஒன்றுக்கு 350 |
| கையில் நிற்கும் காலம் | இரண்டு மூன்று வாரம் | இரண்டு மூன்று மாதம் | பருவத்தைப் பொறுத்து | நல்ல சைக்கிள் ஒரு வாரம் |
| பழுது முன்பே தெரியுமா | தெரியும் | பாதிதான் | தெரியும் | தெரியும், பழகிய கைக்கு |
| பெயிண்ட் அடித்தால் | விலை ஏறும் | மரத்தைப் பொறுத்தது | கொஞ்சம் ஏறும் | விலை விழும் |

## கணக்கில் வராத செலவுகள்

மேலே உள்ள மணிக் கணக்கில் பொருளைத் தேடிப்போன நேரம் இல்லை. கட்டிலுக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு போதும். நல்ல சைக்கிளுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதையும் சேர்த்தால் அந்த 38 வெள்ளி பாதியாகக்கூடக் குறையும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இடம்தான் பெரிய செலவு. நடைபாதையில் சாமானை வைத்தால் தீ நேரத்தில் வழி அடைபடும், நிர்வாகம் எடுத்துப் போகவும் செய்யும். லேக்கர் வாடையையும் உப்புத்தாள் சத்தத்தையும் பக்கத்து வீட்டார் ஒரு முறை பொறுப்பார்கள், இரண்டாம் முறை பொறுக்கமாட்டார்கள். அடுக்குமாடியில் செய்யக்கூடியது சைக்கிள் ஒன்றுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகவே செய்பவர்களுக்கு 1946-ஆம் ஆண்டுப் பழைய பொருள் வணிகர் சட்டத்தின் கீழ்க் காவல்துறையின் உரிமம் வேண்டும். இடைவிடாமல் செய்யப் போகிறீர்கள் என்றால் மாவட்டக் காவல் தலைமையகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். சைக்கிளில் இது இன்னும் முக்கியம், திருட்டுச் சைக்கிள் சந்தையில் புழங்குகிறது. சைக்கிள் ஃபிரேமில் உள்ள எண்ணைச் சுரண்டியிருந்தால் விலை பேசவே வேண்டாம். நான் யாரிடம் வாங்கினாலும் பெயர், அடையாள அட்டை எண், தேதி, ஃபிரேம் எண் நாலையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை.

## யாருக்கு எது

தரைவீடு, முன்பக்கம் கார் நிறுத்தும் அளவுக்குக் கூரையுள்ள இடம், லாரி வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், இவை இருந்தால் கட்டில். கைத்திறன் குறைவாக இருந்தாலும் தாங்கும், காசு சீக்கிரம் திரும்பும். பழுதுபார்க்கும் பொறுமை உண்டு, ஆனால் இடம் இல்லை என்றால் சாதாரண சைக்கிளில் தொடங்குங்கள். ஐம்பது சைக்கிளைப் பிரித்து மாட்டிய பிறகு பழைய ராலே கண்ணில் பட்டால் அதன் அருமை உங்களுக்கே தெரியும். மரத்தை, மழை படாத மூடிய இடமும் மூன்று மாதம் தேவைப்படாத காசும் இருப்பவர்கள் மட்டும் எடுங்கள். தச்சு வேலை தெரிந்த அப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். என் பத்தொன்பது மணி நேரத்தை அவர் பத்தில் முடிப்பார்.

புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்குத் தரைவீடு, அவருடைய மச்சான் லாரி ஓட்டுகிறார். கட்டிலில் இறங்கச் சொன்னேன். 1,500-இல் 450 மட்டும் முதல் சுற்றுக்கு, மீதி வங்கியிலேயே இருக்கட்டும் என்றேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். ஆறு கட்டில், சிவப்பு ஆக்சைடு அடித்து வாசலில் நிற்கின்றன. ஒன்றின் கால் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. "மூடியக் கழட்டிப் பாக்க மறந்துட்டேண்ணே, ஒண்ணுதான்" என்று கீழே எழுதியிருந்தார். அந்தக் காலுக்குப் புதுக் குழாய் பற்றவைக்க 15 வெள்ளி ஆகும் என்று சொல்லி, அதையும் கணக்கில் எழுதச் சொன்னேன்.